பாப்பாவுக்கு இன்னும் ஊசி போடும் வயதாகவில்லை: தட்டம்மையும் கூட்டு எதிர்ப்புச் சக்தியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல வருடங்களாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வரும் தாதி நான். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வீட்டார் கேட்டவை. செங்காங்கில் வீவக வீடு. பாப்பாவுக்கு 7 மாதம், அவளுடைய அக்காவுக்கு 5 வயது, பாலர் பள்ளிக்குப் போகிறாள். அம்மா இங்கேயே பிறந்தவர். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அப்பாயி பேத்தியைப் பார்க்க வந்து தங்கியிருக்கிறார். இந்தோனேசியாவிலிருந்து வந்த பணிப்பெண்ணும் உண்டு. பாப்பாவுக்கு இதுவரை போடவேண்டிய ஊசி எல்லாம் போட்டாயிற்று, ஆனால் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசிக்கு 12 மாதம் ஆகவேண்டும். இடையில் இருக்கும் அந்த 5 மாதங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

மத்தவங்க ஊசி போட்டா எங்க பாப்பாவுக்கு எப்படிப் பாதுகாப்பு? ஊசி அவ உடம்புல இல்லையே?

தட்டம்மைக் கிருமிக்கு மனிதரை விட்டால் போக்கிடம் கிடையாது. கொசுவிலோ நாயிலோ தண்ணீரிலோ அது வாழாது. ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 2 வாரம் இருந்துவிட்டு, அவருடைய இருமலிலும் மூச்சிலும் ஏறி அடுத்தவரிடம் போயாக வேண்டும். அடுத்தவர் கிடைக்காவிட்டால் அங்கேயே அதன் கதை முடிந்துவிடும்.

உங்கள் பாப்பா தனியாக எங்கும் போவதில்லை. அவளைத் தூக்குபவர்கள், கொஞ்சுபவர்கள், பக்கத்தில் படுப்பவர்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கிருமி அவளிடம் வரவேண்டுமென்றால் அநேகமாக அவர்களில் ஒருவர் வழியாகத்தான் வரும். அந்த ஒவ்வொருவரிடமும் கிருமி தங்க இடமில்லாமல் செய்துவிட்டால், பாப்பாவின் உடம்பில் ஊசி ஏறாமலேயே அவளைச் சுற்றி வேலி எழும்பிவிடுகிறது. இதையே ஊர் அளவில் சொல்லும்போது கூட்டு எதிர்ப்புச் சக்தி என்கிறோம். கொவிட் நாட்களில் மந்தை எதிர்ப்புச் சக்தி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள், அதுவும் இதுதான்.

தட்டம்மைக்கு மட்டும் 95 விழுக்காடுன்னு ஏன் சொல்றாங்க? 80 போதாதா?

யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில், தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். கணக்குக்கு 15 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 15 பேரில் 12 பேருக்கு, அதாவது 80 விழுக்காட்டினருக்கு, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. மீதி 3 பேருக்கு நோய் வரும். அந்த 3 பேர் ஆளுக்கு 3 பேருக்குக் கொடுத்தால் 9. பிறகு 27, 81. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 2 வாரம் ஆகிறது. ஆகவே 2 மாதத்திற்குள் 81-இல் வந்து நிற்கும். பத்தில் எட்டுப் பேருக்குப் பாதுகாப்பு இருந்தும் இந்தக் கதி.

15 பேரில் 14 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால் ஒருவர் ஒருவருக்குத்தான் கொடுப்பார். நோய் பெருகாது, ஆனால் அணையவும் அணையாது. அதற்கும் ஒரு படி மேலே போனால்தான் அணையும். 14-ஐ 15-ஆல் வகுத்தால் 93 விழுக்காடு. அதைத் தாண்டி நிற்பதற்காகத்தான் 95 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஊசி போட்ட எல்லாருக்குமே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. எம்எம்ஆர் ஒரு தவணை போட்டால் 100 பேரில் 93 பேருக்குப் பலிக்கும், இரண்டு தவணைக்கு 97 பேருக்கு. ஊரில் 95 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டிருந்தாலும், உண்மையில் பாதுகாப்பு உள்ளவர்கள் 92 விழுக்காடுதான். 93 தேவைப்படும் இடத்தில் 92! அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்த கணக்கு இது. ‘எல்லாரும் போட்டிருக்காங்களே, நான் ஒருத்தன் போடாட்டி என்ன’ என்று சொல்ல இதில் இடமே இல்லை.

12 மாசம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே போட்டா என்ன?

கர்ப்பத்தில் இருந்தபோது தாயின் எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பாப்பாவுக்குப் போயிருக்கின்றன. எம்எம்ஆர், வலுவிழந்த உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. தாய் கொடுத்த எதிர்ப்பணுக்கள் உடம்பில் மிச்சமிருக்கும்போது அதைப் போட்டால், அவையே ஊசிக் கிருமியையும் அழித்துவிடும். பாப்பாவின் உடம்பு பாடம் கற்றுக்கொள்ளாமலே போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தாய்ச்சொத்து 12 மாதம் வரை நீடிப்பதில்லை. சிறு வயதில் தட்டம்மையே வந்து தேறிய தாயிடமிருந்து நிறைய வரும். உங்களைப் போல ஊசியால் எதிர்ப்புச் சக்தி பெற்ற தாயிடமிருந்து குறைவாகத்தான் வரும், 6 மாதத்திலேயே தீர்ந்துபோவதுண்டு. நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும் என்கிற அளவில் அது நிற்கும் காலம் உண்டு. உங்கள் பாப்பா இப்போது அந்த இடைவெளியில்தான் இருக்கிறாள்.

தாய்ப்பால் கொடுக்கிறேனே, அது காப்பாத்தாதா?

தாய்ப்பால் கொடுங்கள், வேறு பல தொற்றுகளுக்கு அது நல்லது. ஆனால் தட்டம்மையைத் தடுக்கும் எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாக வந்தவை. பால் அந்த வேலையைச் செய்யாது. பால் குடிக்கும் பிள்ளைதானே என்று இதில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

எங்க வீட்டுல யாருக்கு ஊசி குறையுது, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு தாளை எடுத்து, பாப்பாவைத் தூக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் பிறந்த வருடத்தையும் பிறந்த நாட்டையும் எழுதுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். இந்த வீட்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அக்காவுடையது சுலபம். அவளுடைய சுகாதாரப் புத்தகத்தில் 12 மாதத்திலும் 15 மாதத்திலும் போட்ட இரண்டு தவணையும் பதிவாகியிருந்தன. ஹெல்த்ஹப் செயலியிலும் பார்க்கலாம். தட்டம்மை ஊசியும் தொண்டை அடைப்பான் ஊசியும் இங்கே சட்டப்படி கட்டாயம். பாலர் பள்ளியில் சேர்க்கும்போதும் அத்தாட்சி கேட்பார்கள்.

அம்மா 1992-இல் இங்கே பிறந்தவர். சிங்கப்பூரில் 1990 முதல் எம்எம்ஆர் போடுகிறார்கள், 1998-இல் பள்ளியில் இரண்டாவது தவணையும் சேர்ந்தது. அவருடைய பழைய புத்தகம் அவர் அம்மா வீட்டு அலமாரியில் கிடைத்தது. மூலையெல்லாம் மடங்கி, மை மங்கிப் போயிருந்தாலும் இரண்டு முத்திரையும் தெளிவாக இருந்தன.

அப்பா 1988-இல் பிறந்தவர். ஓட்டை அங்கேதான் இருந்தது. இந்தியாவில் 1985-இல் தட்டம்மை ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது, ஆனால் 9 மாதத்தில் ஒரே தவணை. இரண்டாவது தவணை 2010-க்குப் பிறகுதான். 9 மாதத்தில் போடும் ஒரு தவணை 100-இல் ஏறத்தாழ 85 பேருக்குத்தான் பலிக்கும். அந்த ஒன்றையும் அவருக்குப் போட்டார்களா என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை, அட்டையும் இல்லை. தினமும் எம்ஆர்டியில் போய்வந்து, கை கழுவியதும் முதல் வேலையாகப் பாப்பாவைத் தூக்குபவர் அவர்தான்.

பணிப்பெண்ணிடமும் பதிவு எதுவும் இல்லை. அவருடைய சம்பளத்தில் பிடிக்காமல், செலவை வீட்டுக்காரர்களே ஏற்று ஊசி போட வைத்தார்கள். எதற்காக என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் போட்டோம். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

பதிவு இல்லாத பெரியவர்களுக்கு இரண்டு வழி உண்டு. இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பணு இருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது பரிசோதனை செய்யாமலே, குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொள்ளலாம். ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி இருப்பவருக்கு இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. நான் பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன், முடிவுக்காகக் காத்திருந்தே பலர் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்து எடுப்பவர்களும் இந்த ஊசி போடக்கூடாது. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்பாயி ‘எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டிருச்சு’ங்கறாங்க. அவங்களை விட்டுடலாமா?

எந்த அம்மை என்று கேளுங்கள். நம் பேச்சில் எல்லாமே அம்மைதான். நீர்க்கொப்புளம் வந்தது சின்னம்மை. கன்னம் வீங்கியது பொன்னுக்கு வீங்கி, அதையும் சிலர் அம்மைக்கட்டு என்பார்கள். தட்டம்மையை ஊர்ப்பக்கம் மணல்வாரி என்றும் சொல்வதுண்டு. மணலை வாரி இறைத்தாற்போல உடம்பெங்கும் பொரிப்பொரியாக இருக்கும், நீர் கோக்காது. ஒரு நோய்க்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொன்றைத் தடுக்காது.

இந்த அப்பாயி, ‘எனக்குக் கொப்புளம் வந்துச்சு, வேப்பிலையால தடவிக் குடுத்தாங்க’ என்றார். அது சின்னம்மை. ஆனால் அவர் 1950-களில் பிறந்தவர். ஊசியே இல்லாத அந்தக் காலத்தில் தட்டம்மை வராமல் வளர்ந்த பிள்ளை அபூர்வம். டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், எதிர்ப்பணு இருந்தது. வயதைப் பார்த்தால் ஊகிக்கலாம். ‘அம்மை’ என்ற சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஊசி போட்டவங்ககிட்டேருந்து பாப்பாவுக்குத் தட்டம்மை ஒட்டிக்குமா?

ஒட்டாது. ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். அது தொற்றாது. பாப்பாவைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம்.

சிங்கப்பூர்ல தட்டம்மை ஒழிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் பயப்படணும்?

உள்ளூரிலேயே தங்கிப் பரவும் தட்டம்மை இல்லை என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூருக்குச் சான்று கொடுத்தது உண்மைதான். அதற்குப் பொருள் கிருமி இங்கே குடியிருக்கவில்லை என்பது. விமானத்தில் வந்து இறங்காது என்பதல்ல. 2019 பிப்ரவரியிலிருந்து, இங்கே நீண்டகாலம் தங்க வரும் 12 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் தட்டம்மை ஊசிக்கு அத்தாட்சி காட்டவேண்டும். சுற்றிப் பார்க்க வரும் சித்தப்பாவிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாடு முழுவதற்குமான சராசரி உங்கள் பாப்பாவைக் காப்பதில்லை, அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் காக்கிறார்கள். ஊசி போடாதவர்கள் தீவு முழுவதும் ஒருவர் இருவராகச் சிதறி இருந்தால் கிருமிக்கு வழி கிடைக்காது. அதே ஆட்கள் ஒரே வீட்டிலோ ஒரே சொந்தபந்தத்திலோ சேர்ந்திருந்தால், அங்கே சராசரி 95 அல்ல, 50. கிருமிக்கு அந்த ஒரு வாசல் போதும்.

இதற்காகத் தேக்காவுக்குப் போகாதீர்கள், கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. வீட்டு ஓட்டையை அடைத்துவிட்டு வழக்கம்போல் வெளியே போய்வாருங்கள். சிவந்த கண்ணும் இருமலும் காய்ச்சலுமாக இருப்பவரிடம் மட்டும் பாப்பாவைக் கொடுக்காதீர்கள்.

காதுகுத்துக்கு வந்த மாமாவுக்குத் தட்டம்மைன்னு பின்னாடி தெரிஞ்சா என்ன செய்யணும்?

இதை நாள் வாரியாகப் பார்ப்போம். கேட்டவர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், ஆனால் இப்படித்தான் நடக்கும்.

மாமா வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறார். ஞாயிறு காலை 10 மணிக்குக் காதுகுத்து, பாப்பா அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு லேசாகக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. ‘ஏசி ஒத்துக்கல’ என்கிறார். அந்த நேரத்தில் வாயைத் திறந்து பார்த்திருந்தால் கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்திருக்கலாம். செவ்வாய் மாலை காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் தடிப்பு தொடங்கி முகத்துக்கு இறங்குகிறது. நம்முடைய மாநிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் போகலாம். கையால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும்.

தடிப்பு தொடங்குவதற்கு 4 நாள் முன்பிருந்து, தொடங்கி 4 நாள் வரை நோய் தொற்றும். செவ்வாயிலிருந்து 4 நாள் பின்னால் போனால் வெள்ளி. அப்படியென்றால் ஞாயிறன்று மாமா கிருமியைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு இரண்டு கெடு இருக்கிறது. கிருமி பட்ட 72 மணி நேரத்திற்குள் எம்எம்ஆர் போட்டால், நோய் வராமல் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு டாக்டர் இதைப் போடலாம். அந்தக் கெடு புதன் காலை 10 மணிக்கு முடிகிறது. அது தவறினால் 6 நாளுக்குள், அதாவது சனிக்கிழமை காலைக்குள், இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்பணு மருந்து கொடுக்கலாம். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு அது ஒன்றுதான் வழி. செவ்வாய் மாலையே மாமா வாயைத் திறந்து சொன்னால் இரண்டு கதவும் திறந்திருக்கும். உறவு கெட்டுவிடுமே என்று வியாழன் வரை மூடி மறைத்தால் ஒரு கதவு அடைபட்டுவிடும்.

செவ்வாய் மாலை தெரிந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். எங்கே போவதானாலும் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள், முடியாவிட்டால் வாசலிலேயே சொல்லுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருந்தகத்தில், தடிப்போடு வந்த ஒரு சிறுவன் அரை மணி நேரத்துக்குமேல் பொது இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே 2 மாதக் குழந்தையோடு ஒரு தாய். இருமிவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். அன்று அந்தத் தாயைத் தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் சொன்னவள் நான். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு 21 நாள் பாப்பாவைக் கவனியுங்கள். இம்யூனோகுளோபுலின் கொடுத்திருந்தால் 28 நாள், ஏனென்றால் அது நோயைத் தாமதப்படுத்தும். அதுவரை கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் அவளைத் தள்ளியே வையுங்கள். காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், பால் குடிக்காமல் துவண்டால் அப்போதே கிளம்புங்கள். ஒரு வயதுக்குள் வரும் தட்டம்மை நுரையீரலைத் தாக்கும். அரிதாக, குணமான பிறகும், பல வருடம் கழித்து மூளையைச் சிதைக்கும் நோயாக அது திரும்பி வருவதுண்டு. நான் இதில் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறோம். பாப்பாவுக்கு அப்போ 9 மாசம்தான் ஆகும்.

தட்டம்மை இருக்கும் நாட்டுக்குப் போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு, புறப்படுவதற்கு 2 வாரம் முன்பே ஒரு தவணை முன்கூட்டிப் போடலாம். டாக்டரிடம் பயணத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். அது பயணத்துக்கான காவல் மட்டும், கணக்கில் சேராது. திரும்பி வந்து 12 மாதத்திலும் 15 மாதத்திலும் முறைப்படி போட்டாகவேண்டும். இந்தியாவில் 9 மாதத்தில் போடுவதுதான் வழக்கம் என்பதால், ‘அங்கேயே போட்டாச்சு’ என்று இங்கே 12 மாதத்தை விட்டுவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதே வேலி எல்லா நோயையும் தடுக்குமா?

தடுக்காது. டெட்டனஸ் கிருமி மண்ணிலிருந்து காயம் வழியாக வருகிறது, ஆளிடமிருந்து ஆளுக்குப் போவதில்லை. ஊரே ஊசி போட்டாலும் போடாத ஒருவருக்கு அதனால் பயன் இல்லை.

கக்குவான் இருமல் இரண்டுக்கும் நடுவில். அந்த ஊசியின் பலம் சில வருடங்களில் குறைந்துவிடும். ஊசி போட்ட பெரியவரும் சாதாரண இருமல் போல அதைச் சுமந்து வந்து குழந்தைக்குக் கொடுக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும், 16 முதல் 32 வாரத்துக்குள், தாய்க்கு அந்த ஊசியைப் போடச் சொல்கிறோம். 2 மாதத்தில் முதல் ஊசி போடும்வரை தாயின் எதிர்ப்பணு குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும். அடுத்த பிள்ளைக்கு நினைவில் வையுங்கள்.

12 மாசத்துல ஊசி போட்டதும் எல்லாம் முடிஞ்சிருமா?

போட்ட அன்றே பலன் வராது, எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும். பிறந்தநாள் விழாவுக்கு முந்தின நாள் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 100-இல் 7 குழந்தைகளுக்கு முதல் தவணை பலிக்காது, யாருக்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களைப் பிடிப்பதற்குத்தான் 15 மாதத் தவணை. சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்கு இந்த ஊசிகள் பலதுறை மருந்தகத்திலும் சாஸ் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலும் இலவசம். முன்பதிவை இப்போதே செய்து, தேதியைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். இந்த வீட்டில் அப்பாவின் இரண்டாவது தவணைத் தேதியும் அதே தாளில் எழுதியிருக்கிறது.